ஒருவருக்குக் கூட இருக்க வேண்டும், மற்றவருக்குத் தனியாக இருக்க வேண்டும்: தம்பதிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் குடும்ப ஆலோசனை செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் இந்தச் சிக்கலைத் தலைப்பாகச் சொல்லி வருவதில்லை. "பேசவே மாட்டேங்கிறார்", "மூச்சு விட விட மாட்டேங்கிறாள்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் தனிமை தேடுகிற ரகம். என் கணவர், நான் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கரண்ட் பில் கணக்குச் சொல்கிற ரகம். ஆகவே என் பதில்களில் ஒரு பக்கச் சாய்வு தெரிந்தால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

"நாள் முழுக்க அவளுக்காகத்தான் காத்திருக்கேன். வந்ததும் 'கொஞ்ச நேரம் தனியா விடுங்க' என்கிறாள். என் மேல் பிடிப்பு போய்விட்டதா?"

இந்த ஒரு கோரிக்கையை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது. ஆளோடு பேசுவது சிலருக்குத் தெம்பு தருகிறது. சிலருக்கு அதுவே தெம்பைச் செலவழிக்கிற வேலை, பிடித்த ஆளோடு பேசினாலும் அப்படித்தான். உள்முகம், வெளிமுகம் என்று உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் பிரித்துச் சொன்னது இன்றைக்கு எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் பிறவிக் குணத்தைவிட அன்றன்றைய செலவுதான் பெரிய கணக்கு. பகல் முழுக்க யார் எத்தனை பேரோடு பேசினார்கள் என்பதைப் பாருங்கள். அதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

பிடிப்பு போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள வேறு இடம் இருக்கிறது. தனியாக இருந்துவிட்டு வந்த பிறகு அவள் எப்படி இருக்கிறாள்? அருகில் வந்து உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறாளா, அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா? முதலாவது என்றால் அது ஓய்வு. இரண்டாவது என்றால் தனிமை நேரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை, வேறு ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது.

"எங்கள் சண்டை எல்லாம் வேலை முடிந்து வந்த முதல் அரை மணி நேரத்தில்தான். ஏன் சரியாக அந்த நேரத்தில்?"

அடையாளங்களை மாற்றி ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் ஒரு வங்கியில் கவுன்டரில் இருக்கிறாள். காலையிலிருந்து பாஸ்புக், கையெழுத்து சரியில்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்று ஒரே பேச்சு. அவன் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறான். பகல் முழுக்க அவன் காதில் விழுவது ஹெட்போனில் வரும் நாலு குரலும், மிக்ஸி ரிப்பேர்க்காரர் தெருவில் கூவுவதும்தான். ஏழு மணிக்குள் அவள் பேச்சில் காலி. அவனோ பேச்சுக்குப் பசித்துக் கிடக்கிறான்.

ஏழேகால் மணிக்குக் கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். அவனுக்கு அந்த வண்டியின் சத்தம் அத்துப்படி. டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருப்பான். படியில் செருப்புச் சத்தம் வராது. ஒருநாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறான். ஸ்டாண்டு போட்ட வண்டி மேலேயே, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிடம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "வீட்டுக்கு வரவே பிடிக்கலைன்னு அன்னைக்குத் தெரிஞ்சுகிட்டேன்" என்றான் என்னிடம். அவள் சொன்னது இது: "அந்தப் பத்து நிமிஷம் இல்லைன்னா மேல வந்து கத்திடுவேன் மேடம்."

1989-ல் ரெனா ரெப்பெட்டி என்ற உளவியலாளர், அமெரிக்காவில் விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டாளர்களையும் அவர்கள் மனைவியரையும் வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். வேலை கடுமையாக இருந்த நாளில் அவர்கள் வீட்டில் ஒதுங்கினார்கள், கோபத்தையும் குறைவாகக் காட்டினார்கள். மனைவி ஆதரவாக இருந்த வீடுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. ஒதுங்குவது சில நேரம் சண்டைக்குத் தடுப்பணை. அந்த வங்கிப் பெண்ணும் தன்னை அறியாமல் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தவறு பத்து நிமிடத்தில் இல்லை. அதை ஒளித்துவைத்ததில் இருந்தது.

"சரி, எப்படிக் கேட்பது? தனியா இருக்கணும்னு சொன்னாலே அவர் முகம் சுருங்கிவிடுகிறது."

சொல்கிற நேரத்தை முதலில் மாற்றுங்கள். களைத்துப்போய் உள்ளே நுழைகிற நிமிடத்தில் கேட்டால் அது விரட்டுவது போலத்தான் விழும். ஞாயிறு காலை காபியின்போது பேசி வையுங்கள். அந்த ஜோடி பேசி வைத்தது இப்படி.

உள்ளே வந்ததும் நேரே அறைக்குப் போகக் கூடாது. முதலில் இரண்டு நிமிடம் அவனோடு. ஏதாவது ஒரு வார்த்தை, தோளில் ஒரு கை, அவன் நீட்டுகிற டீ டம்ளர். பிறகு "ஏழு அம்பதுக்கு வரேன்" என்று மணி சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த அரை மணிநேரம் அவன் எதற்கும் கூப்பிடுவதில்லை. ஏழு ஐம்பதுக்கு அவளே வெளியே வந்து, அவளே பேச்சை ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நான் அதிகம் மல்லுக்கட்டினேன். கதவைத் தட்டி அழைத்து வருகிற பொறுப்பு காத்திருப்பவர் தலையில் விழுந்தால், தினமும் அவர்தான் கெஞ்சுகிற ஆள் ஆகிவிடுகிறார். போனவர்தான் திரும்பி வர வேண்டும்.

"அப்புறம் வரேன்" என்பதற்கும் "ஏழு அம்பதுக்கு வரேன்" என்பதற்கும் காத்திருப்பவரின் மனதில் பெரிய வித்தியாசம். முன்னதில் ஒவ்வொரு நிமிடமும் ஒரு கேள்வி. பின்னதில் அவர் தன் வேலையைப் பார்க்கலாம்.

முதல் வாரம் சொதப்பியது. செவ்வாய்க்கிழமை அவன் கதவைத் தட்டி, "ஒரே ஒரு கேள்வி, தக்காளி வாங்கணுமா?" என்றான். கேள்வி ஐந்து நொடிதான், ஆனால் அடுத்த தட்டல் எப்போது வருமோ என்ற நினைப்பிலேயே மிச்ச நேரம் போய்விட்டது. வியாழக்கிழமை அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். எட்டரைக்குத்தான் எழுந்தாள், அவன் தனியாகச் சாப்பிட்டு முடித்திருந்தான். இரண்டாவது வாரம் இரண்டு திருத்தம். அவன் கேள்விகளை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி வைத்தான். அவள் கட்டிலில் படுக்காமல் மொட்டை மாடிக்குப் போனாள். மாடியில் அலாரம் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் நியாயம்? அவருக்கு இரண்டு மணி நேரம் வேண்டுமாம்."

எல்லாருக்கும் பொருந்துகிற கணக்கு கிடையாது. ஆனால் ஆரம்பிக்கச் சின்னதாக ஆரம்பிக்கலாம். 2018-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் நுயென், ரயன், டெசி ஆகிய மூவர், ஆட்களை 15 நிமிடம் தனியாக உட்காரவைத்துப் பார்த்தார்கள். அந்த நேரத்துக்குள்ளேயே படபடப்பு இறங்கியது. ஒரு வேடிக்கை, உற்சாகமும் கூடவே இறங்கியது. அதாவது தனிமை மனிதரைச் சந்தோஷப்படுத்துவதில்லை, அடுப்பைச் சிம்மில் வைக்கிறது. அறையிலிருந்து வருகிறவர் குதூகலமாக வரவில்லையே என்று ஏங்க வேண்டாம், அமைதியாக வந்தால் போதும். தாங்களாக விரும்பித் தனியாக இருந்தவர்களுக்குத்தான் அது இதமாக இருந்தது என்பதும் அந்த ஆய்வில் உண்டு. கோபித்துக்கொண்டு "போ, போய்த் தனியா இரு" என்று அனுப்பிவைக்கிற தனிமை வேலைக்கு ஆகாது.

தினமும் இரண்டு மணிநேரம் கேட்கிறவரிடம், வேலை நாளில் அரை மணி, வாரத்தில் ஒருநாள் அரை நாள் என்று பிரித்துப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் அவர்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்த அரை மணி, பயந்து பயந்து திருடுகிற இரண்டு மணியைவிட நிறைய ஆற்றும்.

"தனியா இருக்கணும்னு போய் போனைத்தானே நோண்டுகிறார்? அதற்கு என்னோடு பேசலாமே!"

உங்கள் கடுப்பு நியாயம்தான். போனில் வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பது தனிமையே இல்லை, அது வேறு ஒரு கூட்டம். வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் பலருக்கு ஓய்வாக முடிவதில்லை. சோதிக்க எளிய வழி: எழுந்து வரும்போது முகம் தெளிந்திருக்கிறதா, இன்னும் எரிச்சலா? எரிச்சல் என்றால் அந்த நேரம் வீண். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாட்டுக் கேட்டபடி துணி மடிப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது என்று ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் மேற்பார்வை பார்க்காதீர்கள். கண்காணிக்கப்படுகிற தனிமை தேர்வு அறை மாதிரி.

"எங்களுடையது ஒரு படுக்கையறை வீடு. மாமியாரும் கூட இருக்கிறார். கதவைச் சாத்தினால் பேச்சாகிவிடும்."

நம் வீடுகளில் இதுதான் உண்மையான முட்டுக்கட்டை. தனி அறை இருந்தாலும், பகலில் சாத்திய கதவுக்கு ஒரு அர்த்தம்தான்: சண்டை. அதனால்தான் நம் பெண்கள் பலர் காலங்காலமாகத் தனிமையை வேலை வடிவத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்து மணிக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம், எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியைத் துடைக்கிற நேரம், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பிரகாரத்தில் தூணோரம் உட்காருகிற நேரம். யாரும் கேள்வி கேட்க முடியாத இடங்கள் அவை. என் அம்மாவுக்கு மொட்டை மாடியில் வடாம் காயப்போடுகிற வெயில் நேரம் அப்படி இருந்தது. காக்கா விரட்டுகிறேன் என்று ஒரு மணிநேரம் உட்கார்ந்திருப்பார். ஒரு காக்காகூட வராத நாளிலும்.

ஆக, இடம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை. மாடி, பக்கத்துப் பூங்கா, வரும் வழியில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பது, எல்லாம் கணக்கில் சேரும். மாமியாரிடம் சொல்வது கணவரின் வேலை. "அவளுக்கு ஆபீஸ்ல தலைவலி பிடிச்ச வேலைம்மா, அரை மணி நேரம் கழிச்சு வருவா" என்று மகன் சாதாரணமாகச் சொன்னால் அது வீட்டு வழக்கம். அதையே மருமகள் சொன்னால் அகம்பாவம். இது சரி என்று சொல்லவில்லை, நடைமுறை இப்படி இருக்கிறது.

"கைக்குழந்தை இருக்கிறது. அவர் ஓய்வு எடுத்தால் எல்லாம் என் தலையில்தானே விடிகிறது?"

ஆமாம். இந்த இடத்தில் நான் தனிமை தேடுகிறவர் பக்கம் நிற்க மாட்டேன். ஒருவர் எடுக்கிற தனிமைக்கு மற்றவர் வேலை செய்து கொடுக்கிறார் என்றால் அதற்குக் கணக்கு வேண்டும். அவருக்கு ஏழிலிருந்து ஏழரை என்றால் உங்களுக்கும் ஒரு அரை மணி, அந்த நேரத்தில் குழந்தை முழுக்க அவர் கையில். டயப்பர் எங்கே, பால் பவுடர் எத்தனை கரண்டி என்று கேட்டுக்கொண்டு அவர் வரக் கூடாது. கூட இருக்க விரும்புகிற ஆள் என்பதால் உங்களுக்கு ஓய்வு வேண்டாம் என்று அர்த்தமில்லை. உங்கள் அரை மணியில் நீங்கள் அக்காவுக்குப் போன் போட்டுக் கதை பேசலாம், அது உங்கள் பாடு.

"சண்டை நடுவில் எழுந்து போய்விடுகிறார். கேட்டால் 'எனக்கு ஸ்பேஸ் வேணும்' என்கிறார். இதுவும் அதே தேவைதானா?"

வெளியே ஒரே மாதிரி தெரியும், உள்ளே வேறு. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கவனித்த ஜான் காட்மன், வாக்குவாதத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது சரியாக மண்டையில் ஏறாது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் இடைவெளி வேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான். அப்படி எழுந்து போவதில் தப்பில்லை. ஆனால் அங்கேயும் மணி சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச வேண்டும். போன இடத்தில் "அவ அப்படிச் சொன்னாளே" என்று மனதுக்குள் வழக்கு நடத்தினால் 20 நிமிடத்தில் ஒன்றும் அடங்காது.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் விலகுவது, விலக விலக இவர் இன்னும் துரத்துவது. 1990-ல் கிறிஸ்டென்சனும் ஹெவியும் இதை ஆராய்ந்தபோது, துரத்துகிற இடத்தில் யார் நிற்கிறார் என்பதில் எந்த விஷயம் பேசப்படுகிறது என்பதற்கும் பங்கு இருந்தது. மாற்றம் வேண்டுபவர் துரத்துகிறார், இப்போதிருப்பதே போதும் என்பவர் நழுவுகிறார். ஆகவே தினமும் நழுவுகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, உனக்குத் தனிமை வேண்டுமா என்பதல்ல. எந்தப் பேச்சு வரும்போது எழுந்து போகிறாய் என்பதுதான். பணப் பேச்சு வந்தால் மட்டும் ஒருவருக்குத் தனிமை தேவைப்படுகிறது என்றால், பிரச்சினை பணம்.

நாள் கணக்கில் பேசாமல் இருந்து பணிய வைப்பதை ஓய்வு என்று யாரும் உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஓய்வு எடுக்கிறவர் உப்பு எங்கே என்று கேட்டால் பதில் சொல்வார். தண்டனை கொடுக்கிறவர் சொல்ல மாட்டார்.

"கூட இருக்க ஆசைப்படுகிறவள் நான். அந்த அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?"

வேண்டாம். அந்த ஜோடியில் உண்மையான திருப்பம் அவள் மாடிக்குப் போனதால் வரவில்லை, அவன் ஆறு மணிக்கு வீட்டைவிட்டு வெளியே போக ஆரம்பித்ததால் வந்தது. அடுத்த தெருவில் ஷட்டில் விளையாடுகிற நாலு பேரோடு சேர்ந்தான். ஏழேகாலுக்கு அவள் வரும்போது அவனுக்குப் பேச்சுப் பசி பாதி தீர்ந்திருந்தது. நாளின் மொத்தப் பேச்சுக்கும் ஒரே ஆளை நம்பியிருப்பது அந்த ஆளுக்குப் பாரம்.

அதே நேரம், வாயை மூடிக்கொண்டு விட்டுக்கொடுங்கள் என்றும் சொல்லவில்லை. கூட இருக்கிற நேரத்தையும் மணி குறித்து வாங்குங்கள். "நீங்க எப்பவும் ஒதுங்கியே இருக்கீங்க" என்றால் அவர் என்ன செய்ய முடியும்? "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நடை, ரெண்டு பேரும், போன் வீட்டில்" என்றால் செய்ய முடியும். தனிமை தேடுகிறவர்களுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்தபடி பேசுவது எளிது. எனக்கும் அப்படித்தான். என் கணவர் கரண்ட் பில் கணக்கை இப்போது நடக்கும்போது சொல்கிறார்.

"முன்பு இப்படி இல்லை. மூன்று மாதமாகத்தான் ஒதுங்கியே இருக்கிறார்."

"எப்பவுமே இப்படி"க்கும் "இப்போ திடீர்னு இப்படி"க்கும் பெரிய வேறுபாடு உண்டு. தூக்கம், பசி மாறியிருக்கிறதா? பிடித்த கிரிக்கெட்டையும் பார்ப்பதில்லையா? நண்பர்கள் போனையும் எடுப்பதில்லையா? தனியாக இருந்துவிட்டு வந்தும் தெளிவில்லையா? இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் அதைக் குணம் என்று விடக் கூடாது, மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே தனியாக விடாமல் உதவி தேடுங்கள்.

"நாங்களும் இப்படிப் பேசி வைத்தோம். ஒரு மாதம் நடந்தது, இப்போது பழையபடி ஆகிவிட்டது."

வழக்கமாக உடைகிற இடம் ஒன்றுதான். சொன்ன மணிக்குத் திரும்பி வருவது முதலில் ஐந்து நிமிடம் தள்ளும், பிறகு இருபது, பிறகு மணி சொல்வதே நின்றுவிடும். காத்திருப்பவர் மீண்டும் கதவைத் தட்ட ஆரம்பிப்பார். அந்த ஜோடிக்கும் மார்ச் மாதம் உடைந்தது. வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரம், அவள் வீடு வரவே ஒன்பதாகும். அரை மணி எடுத்தால் ஒன்றாகச் சாப்பிடுவதே இல்லை. அந்த மாதத்துக்கு மட்டும் கணக்கை மாற்றினார்கள்: வேலை நாளில் பத்து நிமிடம், அதுவும் கீழே ஸ்கூட்டர் மேலேயே. அவன் பால்கனி விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவான். பாலை அவள் படியேறுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பில் வைப்பான்.